‘நம்ம பையன்தானே சார், விட்டுடுங்க’ என்றவர்களுக்கு



நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகாமல், பிறகு வந்து படியுங்கள். வகுப்பில் சொன்ன அதே பேச்சுத்தான்.

நம் பள்ளியின் முன்னாள் மாணவர் அறக்கட்டளைக்கு மென்பொருள் செய்து தர ஒப்பந்தம் போட்டிருந்தோம் அல்லவா, அது பாதியில் நின்றதும், செப்டம்பரில் இரு தரப்பும் கையெழுத்திட்டு அதை முடித்துக்கொண்டதும் உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டாவது காசோலையும் போன வாரம் பணமாகிவிட்டது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். மூன்று மாதமாக என் காதில் இரண்டு விதமான பேச்சு விழுந்துகொண்டே இருந்தது. ஒன்று, “நம்ம ஸ்கூல் பையன் நடத்துற கம்பெனி, சார் அவனை இப்படி இழுத்தடிக்கலாமா?” என்பது. இன்னொன்று என் மைத்துனர் சொன்னது: “மச்சான், கேஸ் போடுங்க. பேசினா ஏமாத்துவானுங்க.” இருவருக்கும் சேர்த்து ஒரே பதில் இது. கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். கமெண்டில் யாரும் ஊகித்து எழுதவும் வேண்டாம். பெயர் சொல்வதில்லை என்பது நான் கையெழுத்திட்ட தாளிலேயே இருக்கிறது.

நடந்ததை முதலில் சொல்கிறேன். 2023 ஆகஸ்ட்டில் போட்ட ஒப்பந்தம். மொத்தம் ஆறு லட்சம் ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் விலை இணைப்பில் எழுதியிருந்தது. உறுப்பினர் பதிவும் நன்கொடை ரசீதும் 1,20,000. உதவித்தொகை விண்ணப்பம் 1,50,000. தேர்வுக்கான மதிப்பெண் கணக்கு 80,000. பணம் வழங்கும் கணக்கு 1,00,000. மொபைல் செயலி 1,50,000. இந்த விலைப் பட்டியலை ஒப்பந்தத்தோடு சேர்க்கச் சொல்லி அடம் பிடித்தவர் நம் பழைய தலைமையாசிரியர். அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு தாள்தான்.

பணம் கொடுக்கும் முறை வேறு. முன்பணம் 30 சதவீதம், வடிவமைப்பை ஒப்புக்கொண்டதும் 30, சோதனைக்கு வந்ததும் 25, முடிந்ததும் 15. பொருளாளர் நான். 2024 ஜனவரியில் அழகழகான திரைப் படங்களைக் கணினியில் காட்டினார்கள். எல்லாம் முடிந்துவிட்டது போலிருந்தது. ஒப்புக்கொண்டு இரண்டாவது 30 சதவீதத்தையும் அனுப்பினேன். அவை வெறும் படங்கள், பின்னால் எதுவும் ஓடவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தவறு என்னுடையது. ஆக 3,60,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 64,800 ரூபாயும் போய்விட்டது.

அதற்குப் பிறகு வேலை நத்தையாயிற்று. அவர்களிடம் இருந்த இரண்டு பொறியாளர்கள் விலகினார்கள். எங்கள் பக்கமும் சுத்தமில்லை. விண்ணப்பப் படிவத்தை மூன்று முறை மாற்றினோம். ஜூன் வந்தது. பிள்ளைகள் விண்ணப்பிக்கும் நேரம். பழையபடி காகிதத்தில்தான் வாங்கினோம். ஜூலையில் அவர்களே ஒரு பக்கக் கடிதம் அனுப்பினார்கள். “இரு தரப்பும் பரஸ்பரம் ஒப்புக்கொண்டு இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம். ஒருவர் மீது மற்றவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று இரண்டு வரி. கீழே கையெழுத்துக்கு இடம்.

அறக்கட்டளைக் கூட்டத்தில் பாதிப் பேர், “நல்லதாப் போச்சு, கையெழுத்து போட்டுத் தொலைங்க” என்றார்கள். நான் போடவில்லை. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

அந்தக் கடிதத்துக்கு அடியில் ஒரு கணக்கு ஒளிந்திருந்தது. “60 சதவீதம் பணம் வந்தது, 60 சதவீதம் வேலை முடிந்தது, ஆகவே சரிக்குச் சரி.” தம்பியே தொலைபேசியில் அப்படித்தான் சொன்னார். முப்பத்து மூன்று வருடம் கணக்குப் பாடம் நடத்தியவனிடம் இதைச் சொல்லலாமா? பணம் கொடுத்த சதவீதம் என்பது எந்தத் தேதியில் எவ்வளவு கொடுப்போம் என்ற ஏற்பாடு. வேலை முடிந்த சதவீதம் என்பது கையில் வந்த பொருள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். கல்யாணத்துக்குச் சமையற்காரருக்குப் பாதி முன்பணம் கொடுத்த அன்றே பாதிச் சாப்பாடு வெந்துவிட்டதா?

“அப்படியென்றால் உண்மையில் எவ்வளவு முடிந்தது?” என்று கேட்டால், அதற்கு யாரும் சதவீதம் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. பகுதி பகுதியாக எடுத்துப் பார்க்க வேண்டும். பெங்களூரில் இந்த வேலையிலேயே இருக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்துச் சொன்னாள். பீஸ் வாங்கவில்லை. என் வீட்டு இட்லி மட்டும்.

முதல் பகுதி ஓடியது. நன்கொடையாளர்களுக்கு ரசீது அதிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. முழு விலை 1,20,000 அவர்களுக்கு. இரண்டாவது பகுதியும் ஓடியது, ஆனால் ஓட்டைகளோடு. பிள்ளைகளின் தமிழ்ப் பெயர் அச்சில் கட்டம் கட்டமாக வந்தது. கைபேசியில் எடுத்த சான்றிதழ் படம் கொஞ்சம் பெரிதாக இருந்தால் ஏறாது, ஏறவில்லை என்றும் சொல்லாது. கடைசித் தேதி முடிந்த பிறகும் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டது. இவற்றைச் சரிசெய்ய இன்னொருவர் கேட்கும் கூலி 20,000 என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம். மீதி 1,30,000 அவர்களுக்கு.

மூன்றாவது பகுதியில்தான் சண்டை. அவர்கள் “பாதி முடிந்தது, 40,000” என்றார்கள். திரை இருந்தது, பொத்தான் இருந்தது, அழுத்தினால் மதிப்பெண்ணும் வந்தது. மாணவிதான் கவனித்தாள். “சார், யாரைப் போட்டாலும் 72 வருது.” அப்பா இல்லாத பிள்ளைக்கும் 72, மாடி வீட்டுப் பிள்ளைக்கும் 72. காட்டுவதற்காக ஓர் எண்ணை உள்ளே எழுதி வைத்திருந்தார்கள். இந்தத் தொழிலில் அது சாதாரணம்தானாம், பிறகு உண்மையான கணக்கை வைப்பார்களாம். இருக்கட்டும். ஆனால் வைக்காமலே நின்றுவிட்டதே.

இங்கேதான் சிலர் என்னிடமே என் பாடத்தைத் திருப்பினார்கள். “சார், விடை தப்பானாலும் படிகளுக்கு மார்க் போடுவீங்களே?” ஆமாம், போட்டேன். பரீட்சைத் தாளில் படிகள் கண்முன் இருக்கும். அடுத்தவர் அதைத் தொடர்ந்து விடைக்குப் போக முடியும். மென்பொருளிலும் அதே விதிதான்: அடுத்து வருபவர் எந்த இடத்திலிருந்து தொடர முடியுமோ அதுவரைக்கும் மார்க். அவள் கணக்கில், அந்தத் திரைகளால் அடுத்தவருக்கு ஒரு வார உழைப்பு மிச்சமாகும். அதற்கு 15,000 ஒப்புக்கொண்டோம். நான்காவதும் ஐந்தாவதும் தொடங்கவே இல்லை.

ஆக 1,20,000, 1,30,000, 15,000. மொத்தம் 2,65,000. கொடுத்தது 3,60,000. எங்களுக்கு வர வேண்டியது 95,000.

இப்போது அவர்கள் பக்க நியாயம். படிவத்தை மூன்று முறை மாற்றியதற்கு 60,000 கூடுதல் வேலை என்று பில் நீட்டினார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரே கூச்சல். நான் மின்னஞ்சல்களைத் திறந்து பார்த்தேன். மூன்றில் இரண்டு மாற்றங்களை “உடனே செய்துவிடுங்கள்” என்று நானே எழுதியிருக்கிறேன், ஒப்பந்தத்தில் இல்லாதவற்றை. அந்த இரண்டுக்கும் 25,000 கொடுத்தாக வேண்டும் என்று நான்தான் சொன்னேன். “சார், நீங்க யார் பக்கம்?” என்றார் ஒரு டிரஸ்டி. கணக்கின் பக்கம். 95,000 போய் 70,000 ஆயிற்று.

இதோடு ஜிஎஸ்டி. ரூபாய் 70,000 திரும்பும்போது அதற்கு நாம் கட்டிய 12,600-ம் திரும்ப வேண்டும். அறக்கட்டளைக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, நாம் எங்கும் கழித்துக்கொள்ள முடியாது. அவர்கள் கிரெடிட் நோட் போட்டால், அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் அந்தத் தொகை அவர்களுக்குக் குறைந்துவிடும், கைக்காசு போகாது. ஆனால் அதற்குக் கெடு உண்டு. பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதி. எங்கள் இரண்டு பில்லும் 2023-24 நிதியாண்டு. 2024 நவம்பரைத் தாண்டியிருந்தால் அந்த 12,600-ஐத் தம்பி தன் பையிலிருந்துதான் தந்திருக்க வேண்டும். “மெதுவாப் பேசிக்கலாம்” என்றவர்களுக்கு இதைச் சொல்கிறேன். மெதுவாகப் பேசியிருந்தால் நஷ்டம் உங்கள் ‘நம்ம பையனுக்கு’த்தான்.

மொத்தம் 82,600. கையெழுத்தன்று 40,000, அறுபது நாளில் 42,600.

பணத்தை விட்டுவிடுங்கள். அந்த இரண்டு வரிக் கடிதத்தில் நான் மிகவும் பயந்தது வேறொன்றுக்கு. பழைய ஒப்பந்தத்தில் ஒரு வரி: “முழுத் தொகையும் செலுத்தப்பட்டதும் மென்பொருளின் பதிப்புரிமை அறக்கட்டளைக்குச் சேரும்.” நல்ல வரியாகத்தான் தெரிந்தது. ஆனால் பாதியில் நின்றால்? முழுத் தொகையைச் செலுத்தவே போவதில்லை. அப்படியானால் உரிமை சேரவே சேராது. அதோடு, ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிட்டால் அந்த வரியும் அதோடு போய்விடும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 62 அதைத்தான் சொல்கிறது: இருவரும் ஒப்புக்கொண்டு ரத்து செய்தால் பழைய ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டியதில்லை. நமக்கு வேண்டாததும் போகும், வேண்டியதும் போகும்.

“நாம காசு கொடுத்துச் செய்ததுதானே சார், நம்முடையதுதானே?” இதைக் கேட்காத ஆள் இல்லை. இல்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957-இல் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வருகிறது. எழுதியவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதினால் முதலாளிக்கு, அதாவது இங்கே அந்தக் கம்பெனிக்கு. காசு கொடுத்துப் புகைப்படம் எடுக்கச் சொன்னால் சொன்னவருக்கு உரிமை என்று சட்டத்தில் இருக்கிறது, மென்பொருளுக்கு அப்படி இல்லை. எழுதிக் கையெழுத்திட்டு மாற்றித் தந்தால்தான் உண்டு. அதிலும் கண்ணி இருக்கிறது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஒரு வருடம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அதுவும் காலாவதி. பாதியில் நின்ற மென்பொருளை அடுத்த ஆள் கிடைக்கும்வரை ஒரு வருடம் சும்மா வைத்திருப்பது நடக்கிற காரியம்தானே?

அதனால் புதிய தாளில் தனியாக எழுதினோம். மூன்று பகுதிகளின் உரிமையும் இந்தத் தாளாலேயே அறக்கட்டளைக்கு மாறுகிறது, உலகம் முழுவதற்கும், உரிமை இருக்கும் காலம் முழுவதற்கும், பயன்படுத்தாமல் இருந்தாலும் போகாது. இதில் ஒன்றை விட்டுக்கொடுத்தோம். உள்நுழைவு, கடவுச்சொல் போன்றவற்றுக்கு அவர்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே அடித்தளத்தை வைத்திருக்கிறார்கள். அதை எழுதி வாங்கினால் அவர்கள் தொழிலே முடங்கும். அதைப் பயன்படுத்தவும் மாற்றிக்கொள்ளவும் அனுமதி மட்டும் வாங்கினோம். அந்தச் சில வரிகளுக்காக இரண்டு வாரம் போனது. ‘இழுத்தடித்தார்’ என்று நீங்கள் சொல்வது அந்த இரண்டு வாரத்தைத்தான்.

அடுத்தது, “எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வாக்கியம். அதை நானும் கையெழுத்திட்டேன், ஆனால் இடம் மாற்றி. அவர்கள் கடிதத்தில் அது கையெழுத்திட்ட நொடியே நடைமுறைக்கு வருகிறது. பணம் வரவில்லை, நிரல் கைக்கு வரவில்லை, ஆனால் கேட்கும் உரிமை மட்டும் போய்விட்டது! எங்கள் தாளில், கடைசிக் காசோலை பணமாகி, ஒப்படைப்பும் சரிபார்த்த பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் விடுவிக்கிறோம். காசோலை திரும்பினால் விடுவிப்பு இல்லை, மீதி முழுவதும் உடனே தர வேண்டும். அந்த 42,600 தர வேண்டிய கடன் என்றும் தெளிவாக எழுதினோம். ஏனென்றால் காசோலை திரும்பினால் வழக்குப் போட உதவும் பிரிவு 138, சட்டப்படி தர வேண்டிய கடனுக்குக் கொடுத்த காசோலைக்குத்தான் பொருந்தும். ‘நல்லெண்ணத்தில் கொடுத்தேன்’ என்று பிறகு சொல்ல இடம் வைக்கக் கூடாது.

தம்பிக்கும் ஒரு பயம் இருந்தது, நியாயமான பயம். “சார், சரிபார்ப்புன்னு சொல்லி ஆறு மாசம் குறை சொல்லிட்டே இருந்தா?” ஆகவே எங்களுக்கும் கடிவாளம். பதினைந்து நாள். அதுவும் ஒப்படைப்பில் விடுபட்ட பொருளை மட்டுமே கேட்கலாம், புதிய குறை கண்டுபிடித்துச் சரிசெய்யச் சொல்ல முடியாது. பதினாறாம் நாள் எங்கள் வாய் மூடியாக வேண்டும்.

அந்தப் பதினைந்து நாளில் என்ன செய்தோம் தெரியுமா? எதையும் படித்துப் பார்க்கவில்லை. மாணவி ஒரு புதிய சர்வரை வாடகைக்கு எடுத்து, அவர்கள் கொடுத்த குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் மென்பொருளை ஓட்டிப் பார்த்தாள். ஓடவில்லை. கடவுச்சொற்களும் முகவரிகளும் இருக்கும் `.env` என்ற கோப்பின் மாதிரி அதில் இல்லை. ரசீது மின்னஞ்சல்கள் கம்பெனியின் சொந்தக் கணக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்தன, அவர்கள் அதை மூடிய அன்று நம் ரசீதுகளும் நின்றிருக்கும். இணைய முகவரியோ, விலகிப்போன பொறியாளர் ஒருவரின் சொந்தப் பெயரில் பதிவாகியிருந்தது. அவரைத் தேடிப் பிடித்து மாற்ற எட்டு நாள். யாரும் திருடவில்லை, அவசரத்தில் செய்ததை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வரிக் கடிதத்தில் கையெழுத்திட்டிருந்தால், இதையெல்லாம் கேட்க எங்களுக்கு வாய் இருந்திருக்காது. பிள்ளைகளின் சான்றிதழ்ப் படங்கள் அவர்கள் கணினிகளில் இருந்தவை அழிக்கப்பட்டதற்கும் எழுத்தில் வாங்கினோம்.

என் மைத்துனருக்கு: 82,600 ரூபாய்க்கு வழக்குப் போட்டு, சில வருடம் அலைந்து, தீர்ப்பு வாங்கியிருக்கலாம். நஷ்டஈடும் கொஞ்சம் கூடக் கிடைத்திருக்கலாம். ஆனால் அதுவரை அந்தப் பாதி நிரல் யாருக்கும் பயன்படாமல் கிடந்திருக்கும். நான் எழுதிய அந்த இரண்டு மின்னஞ்சலும் நீதிமன்றத்தில் எனக்கு எதிராக வாசிக்கப்பட்டிருக்கும். யார் குற்றம் என்று எங்கள் தாளில் ஓரிடத்திலும் எழுதவில்லை. அது உங்களுக்குக் கோழைத்தனமாகத் தெரிகிறது. எனக்கு, அந்த வரி இல்லாததால்தான் அவர் கையெழுத்திட்டார் என்று தெரியும்.

‘நம்ம பையன்’ கட்சிக்கு: அவர் என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தவர். எனக்கு அவரை உங்களைவிட நன்றாகத் தெரியும். அறக்கட்டளையின் பணம் உங்களுடையது. அரபு நாட்டில் வெயிலில் நின்று மாதம் ஆயிரம் ரூபாய் அனுப்புகிறவனுடையது. அதை என் பழைய மாணவன் என்பதற்காக நான் தானம் செய்தால், நாளைக்கு மூன்று பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணத்தில் துண்டு விழும். விட்டுக்கொடுக்க எனக்கு ஆசை இருந்தால் என் ஓய்வூதியத்திலிருந்து விட்டுக்கொடுக்கலாம். அவர் ஒரு முறைகூட “சார், நீங்க என் வாத்தியார்” என்று அந்தப் பேச்சில் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தவர்கள் நீங்கள்தான்.

மீதி வேலைக்கு ஆள் பார்க்கிறோம். தேர்வு மதிப்பெண் கணக்கும் பணம் வழங்கும் கணக்கும் மட்டும். மொபைல் செயலி இப்போது வேண்டாம் என்று கூட்டத்தில் முடிவு. புது ஒப்பந்தத்தில் திரைப் படங்களைக் காட்டியதற்குப் பணம் கிடையாது, நம் சர்வரில் ஓடினால்தான் பணம். உரிமை ஒவ்வொரு தவணையோடும் அந்தந்தப் பகுதிக்கு மாறும். செய்யக்கூடியவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். நம் பள்ளிப் பிள்ளையாக இருந்தாலும் விலைப் பட்டியலோடு வாருங்கள்.

கணக்குத் தாளும் தீர்மான நகலும் அறக்கட்டளை அலுவலகத்தில் இருக்கின்றன. ஞாயிறு காலை பத்திலிருந்து ஒரு மணி வரை நான் அங்கே இருப்பேன்.